ஐம்பத்திரண்டு கிலோவில் அம்மா மட்டும் இல்லை

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் அம்மா வயிற்றில் இருந்தபோது நான் செய்த ஒரு தப்பை எழுதி வைக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து அம்மாவைக் கீழ்பென்னாத்தூருக்கு, அவங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குத் திருவண்ணாமலையில் லாட்ஜ் வேலை. பௌர்ணமிக் கூட்டத்துக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுக்கும்போதும் அவள் நினைப்புதான். பக்கத்தில் இருந்து எதுவும் செய்ய முடியவில்லையே என்று போனில் எதையாவது தேடிப் படிப்பேன். அப்படித்தான் பி.எம்.ஐ. கிடைத்தது. உயரத்துக்கு எடை சரியா என்று சொல்லும் கணக்கு. நூற்றைம்பது சென்டிமீட்டர், ஐம்பத்திரண்டு கிலோ என்று போட்டேன். இருபத்து மூன்றைத் தாண்டியது. 'அதிக எடை' என்று வந்தது.

"சோத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணு"ன்னு போனில் சொன்னேன். "சரிங்க"ன்னா. அவ்வளவுதான் பேசினாள்.

அடுத்த செக்கப்புக்கு லீவு போட்டுப் போனேன். எடை மெஷினில் அதே ஐம்பத்திரண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா அட்டையைப் பார்த்தாங்க.

"மூணு வாரமா கூடவே இல்லையே. சாப்பிடறியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். போனில் போட்ட கணக்கையும் சோத்தைக் கம்மி பண்ணச் சொன்னதையும் நானே சொல்லிவிட்டேன்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவதுங்க."

"அப்ப கழித்தல் வரும். இந்த ஐம்பத்திரண்டுல குழந்தை இருக்கு, தண்ணி இருக்கு, நஞ்சுக்கொடி இருக்கு, கூடின ரத்தம் இருக்கு. எல்லாத்தையும் இவங்க தலையில போட்டுட்டீங்க. அந்தக் கணக்குக்கு ஆரம்பத்துல எடுத்த எடைதான் வேணும்." அட்டையில் முதல் வரியைக் காட்டினாங்க. நாற்பத்தொன்று. "இது பதினெட்டுச் சொச்சம்தான் வருது. ஒல்லி. மத்தவங்களைவிட இவங்க ஜாஸ்தி ஏறணும். நீங்க நிறுத்திட்டீங்க."

குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு கேட்கக்கூட பயம். டாக்டர் ஸ்கேன் பார்த்து, வளர்ச்சி பரவாயில்லை, இனிமேல் குறைக்காதீங்க என்றார். வெளியே மரத்தடியில் அம்மா சொன்னாள்: "பசிச்சுதுங்க. நீங்க அங்க தனியா என்ன சாப்பிடறீங்களோன்னு நினைச்சிட்டுப் படுத்துடுவேன்."

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆறாவது வாரம் அம்மா நாற்பத்தேழு கிலோ. "பழையபடி ஆகலையே"ன்னு அவளே கவலைப்பட்டாள். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா சிரித்தாங்க. "அந்த நாற்பத்தொன்னுக்கு ஏம்மா திரும்பணும்? பால் கொடுக்கிற உடம்பு. பட்டினி கிடக்காதே. கொஞ்ச மாசம் போகட்டும், அப்புறம் பாக்கலாம். இப்ப அந்த எடைக் கணக்கு 'சரி'ன்னு சொன்னாலும் ரத்தம் கம்மியா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. டெஸ்ட்டுக்கு வா, மாத்திரையை விடாதே."

அன்று நான் திருவண்ணாமலைக்குத் திரும்பும்போது அத்தை, அதான் உங்க பாட்டி, "மாப்ள, அவ ஜாக்கெட் ரெண்டு எடுத்துட்டு வாங்க"ன்னாங்க.

வீட்டில் பீரோவைத் திறந்தேன். அவள் வாசனை அப்படியே இருந்தது. அந்த நாற்பத்தொரு கிலோ உடம்புக்குத் தைத்த இரண்டு ஜாக்கெட்டை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, துணி கிழியாமல், பிளேடால் பக்கத்தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.