கைராசியக்கா சொன்ன மூன்று விஷயங்கள்

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மூன்றாம் வருடமே அவருக்குக் கைராசியக்கா என்று பேர் விழுந்துவிட்டது. எலிக்கூடத்துத் தொழில்நுட்பப் பணியாளர் என்பது அவருடைய வேலை. மற்றவர்கள் கையில் எடுத்தால் திமிறிக் கடிக்கிற சுண்டெலி, அவர் உள்ளங்கையில் பஞ்சுருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். மற்றவர்களுக்கு வராத முடிவும் அவருக்கு வரும். "அக்காகிட்ட குடு, வந்துடும்" என்று ஆராய்ச்சி மாணவர்கள் எலிக்கூண்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கூடத்துப் பேராசிரியரை ஊரறியச் செய்ததும் அக்காவின் கைதான். ஞாபகசக்தியைக் கூட்டும் என்று அவர் நம்பிய ஒரு மருந்து. அதைச் சோதிக்க ஒரு வட்டத் தொட்டி. தண்ணீரில் பால்பவுடரைக் கலக்கி வெள்ளையாக்கி, மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை வைத்திருப்பார்கள். எலியை நீரில் விட்டால் நீந்தித் தேடி அந்த மேடையில் ஏற வேண்டும். நாளுக்கு நாள் இடம் ஞாபகம் இருந்தால் சீக்கிரம் ஏறும். எத்தனை விநாடி என்று அக்கா ஸ்டாப்வாட்சில் பார்த்து எழுதுவார். மருந்து ஏறிய எலிகள் எட்டு, வெறும் உப்புநீர் ஏறியவை எட்டு. நாலு தடவை செய்தும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் மருந்தின் அளவையோ நாட்களையோ கொஞ்சம் மாற்றினார்கள். ஐந்தாவது தடவை வந்தது. அந்த ஐந்தாவது மட்டும் கட்டுரையாகி, பெரிய சஞ்சிகையில் அச்சானது. மூன்றாவது ஆசிரியராக அக்காவின் பேரும் இருந்தது. பேராசிரியர் அதன் பலத்தில் இயக்குநர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நாலு வருடம் கழித்து, வேறொரு நகரத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பெண் தேடிக்கொண்டு வந்தாள். அதே சோதனையை மூன்று வருடமாகச் செய்துபார்த்து, ஒரு தடவைகூட அந்த முடிவு வராமல் நொந்துபோயிருந்தாள்.

"உன் கை சரியில்லைன்னு எங்க சார் சொல்லிட்டாருக்கா. உங்க கையைப் பாத்துக் கத்துக்கிட்டு வான்னு அனுப்பிச்சாரு."

அக்கா அதே சோதனையைச் செய்துகாட்ட, இரண்டு நாள் தொட்டியோரம் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மருந்து போட்ட எலின்னா, முன்னங்கால் மேடையில பட்டதுமே வாட்சை நிறுத்திடுறீங்க. உப்புநீர் எலி முழுசா ஏறி உக்காந்தப்பறம்தான் நிறுத்துறீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நானா? போடி, அப்படியெல்லாம் இல்ல" என்றார். ஆனால் அன்று பூராவும் கட்டைவிரல் அவருக்குச் சொந்தமானது போலவே இல்லை. அவர் ஏமாற்ற நினைத்ததில்லை. எது எந்த எலி என்று தெரியும். எது ஜெயிக்க வேண்டும் என்றும் தெரியும். மிச்சத்தை விரலே பார்த்துக்கொண்டது.

மனசு கேட்கவில்லை. இருபத்துநாலு எலிக்கு மருந்து, இருபத்துநாலு எலிக்கு உப்புநீர் என்று புதிதாக ஏற்பாடு செய்தார். குப்பிகளில் வெறும் எண்களை ஒட்டி, எந்த எண் எது என்ற தாளைக் கூடத்து எழுத்தர் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். நாலு காலும் மேடையில் ஏறினால்தான் வாட்ச் நிற்கும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் முடிந்து தாளைப் பிரித்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் என்று சொல்ல எதுவுமில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார். அவர் புரட்டிப் பார்த்து, வழக்கம்போல் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, கைராசி போயிடுச்சா?" என்றார். நோட்டு அலமாரிக்குப் போனது. அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடமல்ல, எட்டு வருடம்.

எட்டாம் வருடம், பணியாளர் சங்கத்துச் செய்திமடலில் மூன்று பக்கம் எழுதினார். கட்டுரைகளில் இருக்கிற முறைக்கும் மேசையில் நடக்கிற முறைக்கும் எவ்வளவு தூரம் என்று பொதுவாகத்தான் எழுதினார். அதைப் படித்த புள்ளியியல் பேராசிரியை ஒருத்தர், தான் நடத்துகிற ஆராய்ச்சி மாநாட்டில் முதல் நாள் மைய உரைக்கு அவரையே அழைத்துவிட்டார். தலைப்பு: ஆய்வு முடிவுகள் ஏன் மறுபடி வருவதில்லை?

வீட்டில் அக்காவின் கணவர் லேத் பட்டறைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் சாப்பிடுகிற கையை நிறுத்தினார்.

"நான் கடைஞ்சு குடுக்கிற உருளையை, அதே படத்தை வெச்சு இன்னொருத்தன் கடைய முடியணும். என் ஒருத்தன் கையிலதான் வரும்னா படத்துல கோளாறுன்னு அர்த்தம். இத்தனை வருஷமா உன்னைக் கைராசின்னு கூப்பிட்டானுங்களே, அதைப் பாராட்டுன்னா நெனச்சுக்கிட்டிருந்தே?"

அக்கா அன்றைக்கே உரைக்கான மூன்று விஷயங்களைத் தாளில் எழுதி முடித்தார்.

மாநாட்டுக்கு முந்தின நாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். உரைச் சுருக்கம் அவர் மேசையில் இருந்தது.

"முதல் ரெண்டும் நல்லாயிருக்கு. மூணாவது வேண்டாம். எடுத்துடுங்க."

"ஏன் சார்?"

"சொந்த வீட்டு அழுக்கைச் சந்தியில அலசுவாங்களா? உங்களுக்கு ஓய்வுபெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பாத்து நடந்துக்கங்க."

"உங்க பேரை நான் சொல்லப்போறதில்ல சார். என் பேரைச் சொல்லப்போறேன்."

"ரெண்டும் ஒரே கட்டுரையிலதானே இருக்கு!"

"அதுக்கு நான் என்ன சார் பண்றது?" என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லாத நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலை அரங்கத்தில் நானூறு பேர். முதல் வரிசையில் இயக்குநர். அக்கா மேடையேறி ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார். படம் காட்டவில்லை. கையில் ஒரே தாள்.

"நான் சொல்லப்போறது மூணே விஷயம். ஒண்ணு: நாம எத்தனை தடவை செஞ்சோம்னு சொல்றதில்ல. வேலையே செய்யாத ஒரு மருந்தை இருபது தடவை சோதிச்சுப் பாருங்க. நூத்துக்கு அஞ்சு தடவை தப்பலாம்னு நாம ஒத்துக்கிட்டிருக்கிற எல்லைப்படி, சராசரியா ஒரு தடவை 'வேலை செய்யுது'ன்னு கணக்கு வரும். கணக்கு தப்பில்ல. பத்தொம்பதைப் பீரோல வெச்சுட்டு அந்த ஒண்ணை மட்டும் அச்சுக்குக் குடுக்கிறோமே, அதுதான் தப்பு. எட்டு எலி, பத்து எலின்னு கொஞ்சமா வெச்சுச் செஞ்சா இன்னும் மோசம். அதுல தப்பித் தவறி வர்ற முடிவு, உள்ளதைவிடப் பெருசாத்தான் தெரியும்."

பின்வரிசைகளில் பேனாக்கள் அசைந்தன.

"ரெண்டு: முறைன்னு நாம எழுதறது, நம்ம கை செஞ்சது இல்ல. 'எலி மேடையை அடைந்த நேரம் குறிக்கப்பட்டது'ன்னு எழுதுவோம். யாரு குறிச்சா? கால் பட்டதும் குறிச்சாங்களா, ஏறினப்பறமா? எந்த எலிக்கு மருந்துன்னு குறிச்சவங்களுக்குத் தெரியுமா? நீந்தாம மிதந்த எலியைக் கணக்குல சேத்தோமா, தள்ளினோமா? தள்ளினது முடிவைப் பாக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? இதையெல்லாம் எழுதாம, வேற ஊர்ல ஒருத்தருக்கு வரலைன்னா அவங்க கை சரியில்லைன்னு சொல்லிடுறோம்."

அக்கா தண்ணீர் குடித்தார். முதல் வரிசையைப் பார்த்தே குடித்தார்.

"மூணு: தெரிஞ்சவங்க வாயை மூடிக்கிட்டோம். மத்தவங்களைச் சொல்லல. பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த ஞாபகசக்தி மருந்துக் கட்டுரையில மூணாவது பேரு என்னோடது. அதுக்கு முன்னாடி நாலு தடவை வரல. அதை நாங்க எழுதல. அஞ்சாவது தடவை வாட்சைப் பிடிச்சது நான். எந்த எலி எதுன்னு எனக்குத் தெரியும். அப்பறம், தெரியாதபடி நானே நாப்பத்தெட்டு எலி வெச்சுச் செஞ்சேன். வரல. சொன்னேன், கேக்கல. அதுக்கப்பறம் நானும் சொல்லல. அந்தக் கட்டுரையை நம்பி ஒரு பொண்ணு மூணு வருஷத்தைத் தொலைச்சா. அவ கை சரியாத்தான் இருந்துச்சு. என் கைதான் சரியில்ல."

இயக்குநர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"இது ஒரு எலிக்கூடத்துப் பணியாளரோட ஞாபகம். அவ்வளவுதான். ஆதாரம் என்ன இருக்கு?"

"முப்பத்தோராம் நம்பர் நோட்டு, நூத்திப்பன்னண்டாம் பக்கத்துலேருந்து. நம்ம கூடத்து அலமாரியிலதான் இருக்கு சார். அதுல நீங்க பாத்ததுக்குக் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கீங்க. இங்க யாரு வேணும்னாலும் வந்து பாக்கட்டும். நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டலாமே?"

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு பாதி அரங்கம் தட்டியது. மீதிப் பாதி இயக்குநரின் முகத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டது. புள்ளியியல் பேராசிரியை எழுந்து, "அடுத்த கேள்வி?" என்றார்.

ஒரே வாரத்தில் விளக்கம் கேட்டு அலுவலகக் கடிதம் வந்தது. கூடத்தின் பேருக்குக் களங்கம் விளைவித்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். "களங்கம் நோட்டில் இருக்கிறது. நான் படித்துக் காட்டினேன்" என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். அவரைக் கண்ணாடிக் குடுவை கழுவுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். போனார். அங்கேயும் எந்தக் குடுவையை எதால், எத்தனை தடவை அலசினோம் என்று ஒரு பதிவேடு போட்டார், பிரிவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். விசாரணைக் குழு நோட்டைப் பார்க்க ஐந்து மாதம் ஆக்கியது. பார்த்தபின் மறைக்க வழியில்லை. சஞ்சிகைக்காரர்கள் அந்தக் கட்டுரையின் தலையில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைப் போட்டார்கள். இயக்குநர் பதவியில் இயக்குநரேதான் இருந்தார். அக்காவோடு மட்டும் பேசுவதில்லை.

இதற்குள் புள்ளியியல் பேராசிரியை இன்னொரு வேலையும் செய்தார். அக்காவின் நாற்பத்தெட்டு எலிகளையும், பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பழைய பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த மூன்று வருட அளவுகளையும் சேர்த்து, "வித்தியாசம் காணப்படவில்லை" என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதவைத்தார். யார் பேர் முதலில் வரும் என்ற கேள்வி வந்தது. டீச்சரம்மா தொலைபேசியில், "உங்க பேரே இருக்கட்டும்க்கா" என்றாள்.

"வாயை மூடுடி. உன் பேருதான் முன்னாடி" என்றார் அக்கா.

அச்சாகி வந்த அன்று, அக்கா நாலு பக்கத்தையும் நகலெடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இயக்குநர் அறைக்கு எதிரேயிருந்த அறிவிப்புப் பலகையில், விருதுச் செய்திகளுக்கு நடுவில் இடம் பண்ணி, ஒவ்வொரு தாளுக்கும் நாலு மூலையிலும் குண்டூசி குத்தினார். கதவு திறந்து இயக்குநர் வெளியே வந்தார். பார்த்தார்.

"நேரா இருக்கா சார்?" என்று அக்கா கேட்டார்.