உருண்டைக்கு ஸ்பேனர் மாட்டாது

அவர் போய்ச் சேர்ந்த பிறகு அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்த மனைவிக்கு இருபத்தேழு டப்பா பல்நூல் கிடைத்தது. பல் இடுக்கில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்வார்களே, அந்த நூல்தான். மெழுகு தடவாத ரகம். அவருக்கென்று வாயில் மிச்சமிருந்த சொந்தப் பற்கள் நான்கு. மற்றவை ராத்திரியில் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்து சிரிப்பவை.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் இந்தக் கணக்குப் புரியாமல் பல வருடம் தவித்திருக்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், தப்பா நெனைக்காதீங்க, இத வாங்கிட்டுப் போய் என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார்.

"உலோகத்துக்குப் பல்லு குத்துறேன்," என்றார் இவர். கடைக்காரர் இன்னொரு டப்பாவையும் எடுத்து வைத்தார்.

பல்கலைக்கழக இயற்பியல் துறையின் அடித்தளத்தில், தாழ்வெப்பநிலை ஆய்வகத்தில், முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவர் அவர். மாணவர்கள் வைத்த பெயர் முடிச்சு அண்ணன். மனிதனைவிட உயரமான எஃகுக் குடுவைக்குள் திரவ ஹீலியத்தில் மூழ்கிய மின்காந்தம் ஒன்று அங்கே இருந்தது. அதன் நடுத்துளைக்குள் நீளமான குழாய் ஒன்றை இறக்குவார்கள். குழாயின் அடிநுனியில் அரிசிமணியில் பாதி அளவுள்ள ஒரு சக்கரமேடை. மேடைமேல் தலைமுடி கனமுள்ள ஒரு தகடு. தகட்டின் நுனியில் பசை வைத்து ஒட்டிய உலோகப் படிகம், மணல்துகள் அளவு. மேலே வெளியில் ஒரு திருகு. திருகைத் திருப்பினால் கீழே படிகம் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் தூரம். அந்தத் தூரத்தைக் கட்டி இழுப்பது முடிச்சு அண்ணனின் பல்நூல்.

"அதையும் இதையும் திருப்பி என்னத்தக் கண்டீங்க?" என்று மனைவி ஒருமுறை சமையலறையில் கேட்டபோது அவர் வெள்ளரிக்காயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டார்.

"உலோகத்துக்குள்ள எலக்ட்ரான் கோடிக்கணக்குல இருக்கு. எல்லாம் ஒரே வேகத்துல ஓடாது. கீழ இருந்து ஒவ்வொரு வேகமா நெரப்பிக்கிட்டே வரும். எந்தத் திசையில எதுவரைக்கும் நெரம்பியிருக்குன்னு ஒரு எல்லை வரைஞ்சா அதுக்கு ஒரு உருவம் வரும். ஃபெர்மி பரப்புன்னு பேரு. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு உருவம்."

"அத எங்க பாக்கறது?"

"பாக்க முடியாது. அது எடத்துல இல்ல, வேகத்துல இருக்கு. காந்தத்தைக் கூட்டிக்கிட்டே போனா உலோகத்தோட காந்தத்தன்மை ஏறி எறங்கி, ஏறி எறங்கி ஆடும். எத்தனை நெருக்கமா ஆடுதோ, அந்த உருவத்தைக் காந்தத்துக்குக் குறுக்கா வெட்டினா வர்ற வெட்டுமுகம் அத்தனை பெருசு." வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். "இப்படி வெட்டினா சின்ன வட்டம்." பிறகு நீளவாக்கில் பிளந்தார். "இப்படி வெட்டினா பெருசு. படிகத்தைத் திருப்பித் திருப்பி வெட்டினா, உள்ள இருக்கறது வெள்ளரிக்காயா உருளைக்கிழங்கான்னு தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சது. இனிமே வெட்டாதீங்க, ஒண்ணுதான் இருந்தது," என்றார் மனைவி.

அவர் வாழ்க்கையில் எடுத்துச் சொல்லும்படியான சம்பவம் ஒன்றே ஒன்றுதான். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது நடந்தது. அந்தச் சமயம் அவருக்கு வலதுகண்ணில் புரை. ஊசித்துளை இரண்டாகத் தெரிந்தது; சில நாள் தெரியவே இல்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை. காரணம் உண்டு. ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியை அம்மாளின் மேசைமேல் வழவழப்பான ஒரு விலைப்பட்டியல் கிடந்தது. நூலே இல்லாமல், மின்சாரத்தால் தானே திரும்பும் சக்கரமேடையின் படம் அதில் இருந்தது. "இவருக்கும் வயசாகுது, பாக்கலாம்," என்று அம்மாள் யாரிடமோ போனில் சொன்னது அண்ணன் காதில் விழுந்திருந்தது. முடிச்சு ஒன்று நழுவினால் போதும், அவர் காலி.

ஆகவே கண் அறுவைக்கு முந்தின நாள், ஆய்வு மாணவி கொண்டுவந்த படிகத்துக்கு அவரே நூல் கட்டினார். அவள் முனைவர் பட்டத்துக்கே அந்தப் படிகம்தான் ஆதாரம். இதுவரை யாரும் அளக்காத உலோகச் சேர்மம். பாதி கண்ணாலும் பாதி விரலாலும் கட்டி முடித்து, "கச்சிதம்," என்று அறிவித்துவிட்டு, "ஊர்ல ஒரு விசேஷம்," என்று மூன்று நாள் விடுப்பில் போனார்.

நான்காம் நாள் கருப்புக்கண்ணாடியோடு படியிறங்கி வந்தால் ஆய்வகம் கல்யாணவீடு மாதிரி இருந்தது. மாணவியின் மேசையில் ஒரு சிவப்பு ரப்பர் பந்து, காகிதக் குவளைமேல் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அண்ணே! உருண்டைண்ணே, உருண்டை!" என்றாள் அவள்.

"யாரு?"

"நம்ம ஃபெர்மி பரப்பு! பதினோரு கோணத்துல அளந்துட்டேன். எல்லாத்துலயும் ஒரே அதிர்வெண். எப்படி வெட்டினாலும் ஒரே அளவு வெட்டுமுகம். அப்பழுக்கில்லாத கோளம்! மேடம் கேட்டுட்டு நாளைக்கே மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிடலாம்னுட்டாங்க." பிறகு கண்ணாடியைப் பார்த்து, "அது என்ன, சினிமால சேந்துட்டீங்களா?" என்றாள்.

"வெயிலு," என்றார் அண்ணன். அடித்தளத்தில் ஜன்னலே கிடையாது.

அவள் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். காந்தப்புலத்தின் தலைகீழியைக் கிடை அச்சில் வைத்து வரைந்த அலைகள். இடைவெளி சீராக, அழகாக. பதினொன்றும் ஒன்றை வைத்து நகல் எடுத்ததுபோல இருந்தன. புதுக்கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்ததில் ஒன்று மட்டும் பிடிக்கவில்லை.

"கோணத்தை எப்படிப் பாத்த? மேடையில சின்ன சென்சார் இருக்குமே, எவ்வளவு திரும்பியிருக்குன்னு சொல்றது?"

"அது மொத நாளே போச்சுண்ணே. நான் திருகைத் தொட்ட மறுநிமிஷம் செத்துப்போச்சு. அது எப்பவும் அப்படித்தானே! திருகுல இருக்கற அளவுகோலைப் பாத்தே எழுதிட்டேன். உங்க நூல் இருக்கும்போது சென்சார் எதுக்கு?"

அண்ணன் வரைபடங்களை நகர்த்தி வைத்தார். மெல்லப் போய்த் திருகைத் தொட்டார். வழக்கமாக நூல் அந்தப் பக்கமிருந்து கையைப் பிடித்து லேசாக இழுக்கும், தூண்டிலில் மீன் தொட்ட மாதிரி. இப்போது மரை தேய்ந்த தண்ணீர்க்குழாயைத் திறப்பதுபோல வழவழவென்று சுற்றியது. கையை எடுத்துவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை.

பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அந்த ரப்பர் பந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, ஒரு சந்தேகம். அலையை எதுல எடுத்த? தகடு முறுக்கறதுலதானே?"

"ஆமா. காந்தம் படிகத்தை முறுக்கும், தகடு வளையும், அந்த வளைவு ஆடறதைத்தான் அளக்கறோம்."

"சரி. நட்டுக்கு மூலை இருக்கு, ஸ்பேனர் புடிக்குது, திரும்புது. உருண்டைக்கு ஸ்பேனர் மாட்டுமா?"

அவள் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றது. காகிதத்தை இழுத்து ஒரு வரி எழுதினாள். கோணம் மாறும்போது அதிர்வெண் எவ்வளவு மாறுகிறதோ, அந்த மாற்றத்தைப் பொறுத்தது முறுக்கு. கோளத்தில் மாற்றம் பூஜ்யம். ஆகவே முறுக்கின் ஆட்டமும் பூஜ்யம். அலையே வந்திருக்கக் கூடாது.

"நிஜமான உருண்டையா இருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது," என்றாள் மெதுவாக. "இந்த ஃபார்முலாவை வாரம் ஒருதடவை ஜூனியருங்களுக்குப் பாடம் எடுக்கறேண்ணே." பந்தைக் குவளையிலிருந்து எடுத்து மேசைக்கடியில் ஒளித்தாள். "படிகம் திரும்பவே இல்ல. பசைதான். நான் ஒட்டின பசை சரியில்ல. தகடு திரும்பியிருக்கு, படிகம் பசையில வழுக்கி ஒரே பக்கமாக் கெடந்திருக்கு. எம்மேல தப்பு. மேடம்கிட்ட நானே சொல்லிடறேன்."

இதோ, ஒரு வழி தானாகத் திறந்துவிட்டது. பசை. யாரும் நூலைப் பற்றிப் பேசவில்லை. குழாயை வெளியே எடுக்கும்போது அவர்தான் எடுப்பார்; நழுவிய நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள இரண்டு வினாடி போதும். அவள் நேராக அம்மாளின் அறைக்கு நடந்தாள். அண்ணன் பின்னாலேயே நடந்தார். போவதற்குள் மூன்று தடவை நின்றார்.

பேராசிரியை அம்மாள் சுருக்கத்தின் கடைசி வரியைத் தட்டிக்கொண்டிருந்தார். மாணவி, "மேடம், என் பசை..." என்று ஆரம்பித்தாள்.

"பசை இல்ல மேடம், நூலு," என்றார் அண்ணன். "நான் கட்டினது. கண்ணு தெரியாம கட்டினேன்."

"என்ன சொல்றீங்க?"

"புரை. ஆபரேஷன் ஆச்சு. ஊர்ல விசேஷம்னு சொன்னது அதான்." கண்ணாடியைக் கழற்றினார். கண் தக்காளிபோலச் சிவந்திருந்தது. "முடிச்சைப் பாத்துக் கட்டல மேடம். பாத்ததா நெனச்சுக்கிட்டேன்."

அம்மாள் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு திரையில் இருந்ததை மொத்தமாக அழித்தார். "குழாயை வெளிய எடுங்க," என்றார்.

சூடேற்றி எடுக்க அன்று மாலையாகிவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. நூல் அறுந்திருக்கவில்லை. முடிச்சும் அவிழவில்லை. வெகு உறுதியாக, இருபத்தொன்பது வருட அனுபவம் அத்தனையும் திரண்டு, சக்கரத்தின் துளைக்குப் பக்கத்தில் போகிற சென்சார் வயரில் கட்டப்பட்டிருந்தது. முதல்முறை திருகைத் திருப்பியதும் வயர் பட்டென்று அறுந்திருக்கிறது. மேடையோ நூலுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் ஸ்பிரிங்கின் பக்கம் சாய்ந்து, இருபது டிகிரியில் சாவகாசமாகப் படுத்துவிட்டது. பதினோரு கோணமும் அந்த ஒரே கோணம்தான்.

"முடிச்சு நழுவல," என்றார் அம்மாள், சிரிப்பை அடக்கி. "அதை ஒத்துக்கணும். எடம்தான் வேற."

"அப்ப சென்சாரைக் கொன்னதும் நீங்கதானாண்ணே?" என்றாள் மாணவி. "மூணு நாளா அதைத் திட்டினேனே! சாபம் எல்லாம் உங்களுக்குத்தான் வந்து சேந்துது."

"அதான் கண்ணு இப்படி உறுத்துது," என்றார் அண்ணன்.

அம்மாள் விலைப்பட்டியலை எடுப்பார் என்று அவர் காத்திருந்தார். அம்மாள் எடுத்தது இழுப்பறையிலிருந்து ஒரு டப்பா பல்நூல். "புதுக்கண்ணுதானே? கட்டுங்க. இந்தத் தடவை நாங்களும் பாப்போம்."

மறுநாள் காலை, இரண்டு பேர் தோள்மேல் மூச்சுவிட, அவர் கட்டினார். புதிய சென்சாரும் வைத்தார்கள். படிகம் திரும்பியது. அலைகள் நெருங்கிக்கொண்டே போயின. கோணம் கூடக் கூட வெட்டுமுகம் பெருத்தது. மூன்றாம் நாள் அவள் புள்ளிகளை இணைத்தபோது, நடுவில் லேசாகப் பருத்த, நீண்ட உருவம் ஒன்று வந்தது.

"அண்ணே, வந்து பாருங்க. என்னன்னு சொல்லுங்க?"

"வெள்ளரிக்கா," என்றார் அவர், யோசிக்காமல்.

ஆய்வேட்டில் அவள் அப்படி எழுத முடியவில்லை; நீள்கோளம் என்று எழுதினாள். நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும் பேராசிரியைக்கு அடுத்து, முடிச்சு அண்ணனுக்கு முன்னால், பெயர் தெரியாத ஒரு கண் மருத்துவருக்கு நன்றி இருந்தது. தேர்வாளர் ஒருவர் அது ஏன் என்று கேட்டாராம். பதிலுக்கு அவள் பையிலிருந்து சிவப்புப் பந்தை எடுத்து மேசைமேல் வைத்தாளாம்.

மின்சார மேடை, அவர் ஓய்வுபெற்ற பிறகு வந்தது. நன்றாகத்தான் வேலை செய்தது. குளிரில் எப்போதாவது அடம்பிடிக்கும். அப்போதெல்லாம் பழைய மேடைக்கு நூல் கட்ட அவரைக் கூப்பிடுவார்கள். அதற்காகத்தான் பல்நூலை வாங்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார் போலும்.

காரியமெல்லாம் முடிந்த வாரம், மாணவி வந்தாள். இப்போது அவளும் பாடம் நடத்துகிறவள். மனைவி இருபத்தேழு டப்பாவையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போம்மா. இங்க யாருக்குப் பல்லு இருக்கு?" என்றார். பிறகு பையைத் திரும்ப வாங்கி, ஒன்றை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.