பொட்டு வைத்த பெட்டி

அப்பா இருந்தவரை ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் ஆட்டோதான். அவர் போய் ஓராண்டு கழிந்தபின் வந்த முதல் பூஜையில் ஆட்டோ இல்லை, விற்றுவிட்டோம். அம்மா என் லேப்டாப்பையும், சுவரில் மாட்டியிருந்த இன்டர்நெட் பெட்டியையும் கழற்றிச் சாமி படத்தின் முன் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டாள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் ஆயுதங்கள் அவைதாம். மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கடைசிச் சுற்று நேர்காணல். நம் ஊர் விடுமுறை அவர்களுக்கு இல்லை. காட்டுப்பாக்கத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுகூட நிலையாக நிற்காது.

விடிந்ததும் பெட்டியை மாட்டினேன். பவர் விளக்கு பச்சை. இணைப்பைக் காட்டும் பான் விளக்கு எரியவில்லை. லாஸ் விளக்கு சிவப்பாக மினுக்கியது. ஃபைபரில் வரவேண்டிய ஒளி பெட்டிக்கு வரவில்லை என்று பொருள்.

பயம் வரவேண்டும். வரவில்லை. அப்பா போனதிலிருந்து எதுவும் சீக்கிரம் வருவதில்லை.

வாசலுக்குப் போய் இன்டர்நெட் லைன்மேனை அழைத்தேன்.

"சென்னீர்குப்பத்தாண்ட ஜேசிபி கேபிளை அறுத்துடுச்சு தங்கச்சி. ஏரியா முழுக்க அவுட்டு. சாயங்காலம் ஆவும்."

மாடியில் குடியிருப்பவர் ஊருக்குப் போயிருந்தார். படியேறி அவர் ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் பெட்டியில் சிவப்பு இல்லை, பான் பச்சை நிலையாக நின்றது. அங்கிருந்தே லைன்மேனை மறுபடி அழைத்தேன்.

"அண்ணா, மேல்வீட்டுல லைன் நல்லாருக்கு. அதே கேபிள்தான். எங்க ஊட்லதான் பிரச்சினை."

"அட! அப்பிடியா? இரு."

கீழே வந்து, பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்த ஃபைபர் ஒயரின் பச்சை முனையைக் கழற்றினேன். நடுவே தலைமயிர் போன்ற இழை ஓடும் வெள்ளைத் தண்டின் நுனியில் காய்ந்த சந்தனம்.

"அம்மா, ஒயருக்கும் வச்சியா?"

"பின்ன? அதுலதானடி எல்லாம் வருதுன்னே. ஆட்டோ சாவிக்குக்கூடதான் வப்பேன்." முந்தானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "குடு, தொடைக்கிறேன்."

"தொடாத. கீறினா போச்சு." வாசலுக்கு ஓடி லைன்மேனை மீண்டும் அழைத்தேன். "அண்ணா, முனை துடைக்கிற பேனா எடுத்துகினு வாங்க."

ஒன்பதரைக்கு வந்து பார்த்த லைன்மேன் சிரித்தார். "இன்னாமா, பெட்டி மேல வச்சா பத்தாதா? வாயிலயுமா ஊட்டுவ?" பேனா போன்ற கருவியை முனையில் வைத்து அழுத்தினார், பெட்டியின் துளையிலும் அழுத்தினார். முனையைத் திரும்பச் செருக, டக் என்றது. சிவப்பு அணைந்தது. பான் மினுக்கியது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மினுக்கல் நின்று பச்சை நிலைத்தது. இன்டர்நெட் விளக்கும் வந்தது.

நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். முடிந்தபின், "கிடைச்சிடுமாடி?" என்றாள் அம்மா.

சில நாளில் வேலை கிடைத்தது. அம்மா அழுதாள். என்னால் அழ முடியவில்லை. துணியெடுத்துப் பெட்டியைத் துடைத்தேன், பொட்டு இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு.