நாலாம் மாடித் தையல் சத்தம்

கலாட்ஸ் நகரத்தில் தினமும் முதலில் கிளம்பும் டிராமை ஓட்டுகிறவள் அக்லாயா. அதற்காக விடிய வெகுநேரம் முன்பே எழுந்துவிட வேண்டும். மதியம் வீட்டுக்கு வந்து, சூப்பைச் சூடாக்கிக் குடித்துவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தால்தான் மறுநாள் கண் திறக்கும். போன இலையுதிர் காலத்தில் மேல் வீட்டுக்கு ஒரு பெண் குடிவந்தாள். அன்றிலிருந்து அந்தத் தூக்கமும் போயிற்று. படுக்கையறைக் கூரை கடகடவென்று அதிரும், நிற்கும், மறுபடி அதிரும்.

குளிர்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் டிப்போவுக்குத் திரும்பும் வழியில், ஸ்டாப்பில் ஏற நின்றிருந்த கிழவரைக் கவனிக்காமல் வண்டியை நகர்த்திவிட்டாள். அன்று மாலையே ஒரு தாளை எடுத்துப் புகார் எழுதித் தள்ளினாள்.

குடியிருப்போர் சங்கத்தின் அறை கீழ்த்தளத்தில், முன்பு சைக்கிள் நிறுத்திய இடம். தலைவர் லிவியு பல் செட் செய்யும் தொழிலாளி. வேறு யாரும் முன்வராததால் தலைவரானவர். அவர் தாளை வாசித்தார்:

'நாலாம் மாடி சொரீனா வெட்கமில்லாமல் வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டறை நடத்துகிறாள். நான் செத்தாலும் பரவாயில்லை என்று வேண்டுமென்றே சத்தம் போடுகிறாள். நடவடிக்கை எடுக்கவும்.'

அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார்.

"அக்கா, இதை நான் பதிவுல ஏத்திட்டா அப்புறம் எடுக்க முடியாது. பட்டறைன்னு எழுதிட்டீங்க. நாளைக்கு வரி ஆபீஸ்காரன் வந்து கேட்டா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

"அதுக்கு நான் என்ன பண்ண? என் தூக்கத்தைக் கேட்டா, அவளுக்கு நீங்க வக்காலத்தா?"

"வக்காலத்து இல்லக்கா. உங்களுக்குத் தூக்கம் வேணுமா, அவங்க வீட்டைக் காலி பண்ணணுமா?"

"தூக்கம்தான்."

"வேணும்னே பண்றாங்கன்னு எழுதியிருக்கீங்களே. நீங்க ரெண்டு மணிக்குப் படுக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

அக்லாயா சொரீனாவிடம் பேசியதே இல்லை. படியில் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். தன் தூக்க நேரத்தைச் சொன்னதும் இல்லை.

"இன்னொண்ணு. சட்டப்படி மதியம் ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும்தான் அமைதி நேரம். அதுக்கு மேல நாம கேட்டுத்தான் வாங்கணும். என்ன சத்தம், எந்த ரூம்ல, எப்போ, எவ்வளவு நேரம்னு எழுதுங்க. ஒரு வாரம் கவனிச்சுட்டு வாங்க."

"தூங்காதவளை உக்காந்து கவனிக்கச் சொல்றீங்க."

"எப்படியும் தூங்கலைதானே."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்த வாரம் படுத்தபடியே கேட்டுப் பார்த்தாள். சத்தம் கட்டிலுக்கு நேர் மேலே, ஜன்னல் பக்கத்தில். பேச்சோ பாட்டோ இல்லை, மெஷின் அதிர்வு மட்டும். ஞாயிற்றுக்கிழமை இல்லை. புதன்கிழமை மாலைவரை ஓயவில்லை. வெறும் கோபமாக இருந்தவரை கனமாகத் தெரிந்த விஷயம், தாளில் எழுதியபோது நாலு வரியில் அடங்கிவிட்டது. அதுவே அவளை இன்னும் களைப்பாக்கியது.

லிவியுவின் மேஜையில் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். 'வெட்கமில்லாமல்' போயிற்று. 'பட்டறை' போயிற்று. 'வேண்டுமென்றே' என்ற சொல்லில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் அதையும் அடித்தாள். மிஞ்சியது இது:

'வாரநாட்களில் இரண்டிலிருந்து ஆறு மணிவரை என் படுக்கையறைக் கூரையில், ஜன்னல் பக்கம், மெஷின் அதிர்வு விட்டுவிட்டுக் கேட்கிறது. நான் விடியுமுன் டிராம் ஓட்டப் போகிறவள். அந்த நேரத்தில்தான் தூங்க முடியும். மெஷினை வேறு அறைக்கு மாற்றவோ, அடியில் ஏதாவது விரிக்கவோ, நேரத்தை மாற்றவோ இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன்.'

லிவியு எண் போட்டுப் பதிந்து, ஒரு நகலை மேலே சொரீனாவிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து சொரீனாவே கதவைத் தட்டினாள். ஸ்வெட்டர் கையில் கறுப்பு நூல் ஒட்டியிருந்தது. வாசலைத் தாண்டி வரவில்லை.

"நீங்க அந்த நேரத்துல தூங்குவீங்கன்னு தெரியாதுக்கா. ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போட்டேன்."

"கிச்சன்ல வைக்க முடியாதா?"

"வைக்கலாம். சமையல் பண்ணும்போதுதான் தகராறு. ரப்பர் பாய் வாங்கிப் போடறேன். ஆனா நாலு மணிக்கு மேல நிறுத்த முடியாதுக்கா. புதன்கிழமை சரக்கு எடுக்க வந்துருவாங்க."

"ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் நிறுத்தி வைப்பியா?"

"நிறுத்தறேன்."

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை அக்லாயா அப்போதுதான் கவனித்தாள். உள்ளே வா என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. இருவருக்குமே தெம்பு இல்லை.

இதையே சொரீனா சங்கத்துக்கும் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தாள். லிவியு கோப்பில் சேர்த்து மூடினார். மெஷின் சமையலறைக்குப் போயிற்று. நாலு மணிக்கு மேல் தூரத்தில் எதுவோ முனகுகிற மாதிரி கேட்கும். அக்லாயாவுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. போதாதுதான். ஆனால் அன்றாடம் கிடைத்தது. அவள் அதற்கேற்ப, மீதித் தூக்கத்துக்காக இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துச் சீக்கிரம் படுக்கத் தொடங்கினாள்.