மோல் தெரியாத பதினோராம் வகுப்பு

ஜனவரியில் தரம் பதினொன்றுக்கு விஞ்ஞானம் கற்பிக்க நுழைந்தேன். உப்புக் கரைசலின் செறிவைக் கணிக்கச் சொன்னபோது பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

"மோல்னா என்னாங்க டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பிள்ளை.

போன வருடம் மழைக்கும் மண்சரிவுக்கும் பள்ளிக்கூடம் அடிக்கடி மூடிக் கிடந்தது. தரம் பத்து ஆசிரியர் லேசான உயிரியல் பாட அலகுகளை முதலில் முடித்துவிட்டு, செறிவுக் கணக்குக்கு அடிப்படையான மோலையும் இரசாயனப் பிணைப்பையும் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார். கடைசி வரவே இல்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

அன்றிரவே வருடத் திட்டத்தை மாற்றி எழுதினேன். முதலில் போன வருடத்து அணு, பிணைப்பு, மோல். பிறகு இடைவெளி விடாமல் கலவைகள், அமிலங்கள், மின்னிரசாயனவியல். ஒன்றின் மேல் ஒன்று நிற்கும் இவற்றை மே மாத மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். வெப்பம், ஒளி, உயிர்க்கோளம் போன்ற தனித்து நிற்பவற்றை மழை மாதங்களில் வைத்தேன். நடுவில் ஒரு வாரம் போனாலும் அவை உடையாது.

அதிபர் கையெழுத்திட மறுத்தார்.

"தவணைப் பரீட்சைத் தாள் வலயக் கல்வி அலுவலகத்துல இருந்து வருது டீச்சர். அவங்க ஆசிரியர் வழிகாட்டி வரிசையிலதான் கேப்பாங்க. நம்ம பிள்ளைங்களுக்குத்தான் மாக்ஸ் கொறையும்."

"கொறையட்டும் சார். டிசம்பர்ல சாதாரண தரப் பரீட்சைக்குப் போறப்போ அந்த மாக்ஸ் கூட வருமா?"

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

முதல் தவணைப் பரீட்சையில் அவர் சொன்னதே நடந்தது. நான் இன்னும் தொடாத அலகுகளிலிருந்து கேள்விகள் வந்தன. பிள்ளைகள் அழுதார்கள். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அதிபர் சத்தம் போட்டார். வலயத்திலிருந்து பார்வையிட வந்த ஆசிரிய ஆலோசகர் என் பதிவுப் புத்தகத்தில் "வழிகாட்டிக்கு முரண்" என்று சிவப்பு மையால் எழுதினார்.

"இந்த வழிகாட்டி எழுதினவங்க ஊர்ல மழை பெய்யாதா சார்?" என்று கேட்டேன்.

ஜூனில் மேட்டிலுள்ள தோட்ட லயன் வீட்டுக் குடும்பங்களை மண்சரிவுக்குப் பயந்து எங்கள் வகுப்பறைகளில்தான் தங்க வைத்தார்கள். பாடம் நின்றது. திரும்பி வந்தபோது வெப்பத்தை முதலிலிருந்து தொடங்கினோம். உயிர்க்கோளத்தைப் பிள்ளைகளே வாசித்து, குழுவாக வந்து சொன்னார்கள். அமிலக் கணக்குகளை அவர்கள் மறந்திருக்கவில்லை.

டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை முடிந்து வெளியே வந்த அதே முன்வரிசைப் பிள்ளை சொன்னாள்: "மோல் கணக்கு வந்துச்சுங்க டீச்சர். செஞ்சிட்டேன்."

மகிழ்ந்தேன். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. அடுத்த ஜனவரியில் தரம் பத்து ஆசிரியரின் மேசையில் புதிய திட்டத்தைப் பார்த்தேன். பிணைப்பு மறுபடியும் கடைசியில் இருந்தது.

"இன்னுமா சார்?"

"மொதல் தவணைத் தாள்ல அது வராதுங்க டீச்சர்."

ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவர் அதை முன்னால் மாற்றி எழுதும்வரை எழுந்திருக்கவில்லை.