சுருங்க மறுத்த பெட்டி

பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர், இணையதளம் செய்துகொடுக்கும் அலுவலகத்துக்கு முதலாளி. யாரும் கைதூக்கிவிட்டதில்லை. தட்டுத் தடுமாறித் தானே நிரல் எழுதப் பழகியவர். அவரைப் போல இன்னொருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்! அலுவலகத்தில் அவருக்கு "மாஸ்டர்" என்றே பெயர்.

அன்று காலை ஒரு மருத்துவமனையின் வரவேற்பாளரம்மா போனில் பிடித்துக்கொண்டார். இவர்கள் செய்துகொடுத்த முன்பதிவுப் பக்கத்தைக் கைபேசியில் பார்த்தால் "ரத்து செய்" பொத்தான் திரைக்கு வெளியே ஓடிவிடுகிறதாம், அதுவும் நோயாளியின் மின்னஞ்சல் முகவரி நீளமாக இருந்தால் மட்டும்.

"ரத்து பண்ண முடியாம ஆளுங்க என்னைத் திட்றாங்க சார்!"

பொத்தானைச் சேர்த்தவள் புதிதாக வந்த பெண். அந்தப் பக்கத்தில் மின்னஞ்சல், பொத்தான் எல்லாம் நிற்கும் பெட்டிகளை வரிசையாக அடுக்கியவர் மாஸ்டர்.

"பக்கத்துப் பெட்டிதாண்ணே சுருங்கல," என்றாள் அவள் மெதுவாக.

"இடத்துக்கேத்தபடி விரிஞ்சு சுருங்குற ஃபிளெக்ஸ் போட்டிருக்கேன், சுருங்காம எங்க போகும்? எனக்கே பாடமா? பொத்தான் உன்னோடது. மன்னிப்புக் கேளு."

போன் ஸ்பீக்கரில், எல்லோர் முன்னாலும், அவள் கேட்டாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், அவள் பொத்தானில் குற்றம் கண்டுபிடித்துக் காட்டிவிட வேண்டுமென்று மாஸ்டர் உட்கார்ந்தார். எல்லை தெரிய எல்லாப் பெட்டிகளையும் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுப் பார்த்தார். பொத்தான் ஒழுங்காக இருந்தது. மின்னஞ்சல் இருந்த அவருடைய பெட்டிதான் மூட்டையைப் போலப் பிதுங்கி, பொத்தானை வெளியே தள்ளியிருந்தது.

உள்ளே இருந்த எழுத்து வரிக்கு, மடங்காமல் ஒரே வரியில் நின்று, இடம் போதாவிட்டால் வெட்டி மூன்று புள்ளி வைக்கும்படி அவரே எழுதியிருந்தார். ஆனால் வெளிப்பெட்டிக்கு அளவு எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால், ஃபிளெக்ஸ் வரிசையில் நிற்கும் பெட்டி தன் உள்ளடக்கத்தின் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே இறங்காது. மடங்காத வரிக்கு முழு நீளமே குறைந்தபட்சம். பெட்டி நீண்டுகொடுத்தால் உள்ளே வெட்ட என்ன அவசியம்?

அந்த வெளிப்பெட்டிக்கு min-width: 0, அதாவது குறைந்தபட்ச அகலம் பூஜ்யம், என்று ஒரு வரி எழுதினார். பெட்டி சட்டென்று ஒடுங்கியது. மின்னஞ்சலின் வாலில் மூன்று புள்ளிகள். பொத்தான் திரைக்குள் வந்து நின்றது.

மாஸ்டருக்குக் காது சுட்டது. சத்தமில்லாமல் பதிவேற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? கை விசைமேல் இருந்தது. அழுத்த மனம் வரவில்லை.

அவள் திரும்பி வந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பார்த்தாள். தன் இடத்தில் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். அதற்குப் பதில் அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மற்றவர்களும் வந்து உட்கார்ந்த பிறகு ஸ்பீக்கரைப் போட்டு மருத்துவமனையைக் கூப்பிட்டார்.

"சரி பண்ணியாச்சும்மா. தப்பு என்னோடது. பெட்டியை எழுதினது நான்தான்."

"அப்படியா சார்? அப்போ அந்தப் பொண்ணு எதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேட்டா?"

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"நான் கேக்க வெச்சேம்மா," என்றார் மாஸ்டர், தலை குனிந்தபடி.