வண்டிக்கு ஓய்வு

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி எரித்து வந்த காஸில் ஓடின. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் பஸ் விட்ட ஒரு கம்பெனியில் அப்போது நான் டியூட்டி குமாஸ்தா. நொச்சிக்குப்பத்தில் வலை இழுக்கும் என் அப்பா, மகன் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று கரையெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த வேலை போய்விடக் கூடாதே என்ற பயத்தோடுதான் தினமும் டியூட்டிப் புத்தகத்தைத் திறப்பேன்.

ஒவ்வொரு டிரைவரும் வண்டி எடுத்த நேரம், விட்ட நேரம், நடுவில் இளைப்பாறிய நேரம் மூன்றையும் அதில் எழுதவேண்டும். சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனாலோ, நாளுக்கு ஒன்பது மணி நேரத்தைத் தாண்டினாலோ, வாரத்தில் ஓய்வு நாள் விழாவிட்டாலோ பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு. கோடு விழுந்தவர் பெயரை, மானேஜர் கையெழுத்துப் போடாமல், மறுநாள் டியூட்டிப் பலகையில் எழுதக் கூடாது.

அடையாற்று வண்டியின் டிரைவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். அவர் பெயருக்குக் கீழே கோடே விழுந்ததில்லை. ஒரு புதன்கிழமை, ஓய்வு என்று நானே எழுதியிருந்த நாளில், ஷெட்டுப் பக்கம் போனேன். அவர் தலை முதல் கால் வரை கரியாக நின்று, வண்டியின் பின்னாலிருந்த காஸ் டாங்கியிலிருந்து சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னிக்கு உங்களுக்கு ரெஸ்ட்டாச்சே?"

"ரெஸ்ட்டுதான் நைனா. வண்டிக்கு!" என்று சிரித்தார். "சாம்பல் வார்றது யாரு, உங்க மானேஜரா?"

வாரம் ஒரு நாள் டாங்கியைக் கழுவ வண்டி நிற்கும். வண்டி நின்றால் டிரைவருக்கு ஓய்வு என்று எழுதுவது அங்கே வழக்கம். ஆனால் டாங்கியைக் கழுவ அவர் பகல் முழுக்க ஷெட்டில் கிடந்தார். காஸ் டாங்கி வந்ததிலிருந்து அவருக்கு ஒரு நாள்கூட ஓய்வு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தல கிறுகிறுன்னு கீது நைனா. நேத்து அடையாத்துப் பாலம் ரெண்டாத் தெரிஞ்சுது. எதுல ஏத்தலாம்னு யோசிச்சுக்கினே போனேன்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் காலை வண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறுவார்கள்.

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "கோடு கீடு போட்டுறாத. ஒரு நாள் வேற ஆளு கையில குடுத்தா, அப்பால என் வண்டி எனக்கு இல்ல."

மேஜைக்கு வந்து, ஓய்வு என்பதை அடித்துவிட்டு 'ஷெட் வேலை' என்று எழுதினேன். பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்தேன். புத்தகத்தை மானேஜர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"வண்டி படுத்துண்டா டிரைவரும் படுத்துண்ட மாதிரிதான். இத்தனை நாளா அப்படித்தானே எழுதிண்டு வரோம்?"

"அவர் படுக்கலை சார். கரி வாரிக்கிட்டிருக்கார். அதுவும் வேலைதானே சார்?"

"சட்டம் பேசறியோ? நாளைக்குக் காலம்பற அந்த வண்டியை நீ ஓட்டப்போறியா?" அவர் குடையை எடுத்துக்கொண்டார். "தாளைக் கிழிச்சுட்டு வேற எழுது. பலகையில அவன் பேர் இருக்கணும்."

அவர் போனபின் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றேன். பெயரை எழுதினால் பாலம். எழுதாவிட்டால் அப்பாவின் முகம். அடையாற்று வண்டிக்கு நேரே உள்ள இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். தாளையும் கிழிக்கவில்லை.

காலையில் நான் வருமுன்பே டிரைவர் பலகையடியில் நின்றிருந்தார். எப்போதும்போல் விடியுமுன் வந்து டாங்கியை மூட்டியிருக்கிறார்.

"இன்னா நைனா இது? என் வயித்துல அடிச்சிட்டியே! நாலெழுத்துப் படிச்சது இதுக்குத்தானா?" சத்தம் வெளியே காத்திருந்த ஜனங்களுக்கும் கேட்டிருக்கும். "மானேஜர் வரட்டும். இங்கயேதான் குந்திக்கினு இருப்பேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

அடுத்து என்ன திட்டப்போகிறாரோ என்று குனிந்தபடி நின்றேன். சத்தம் வரவில்லை. நிமிர்ந்தால், அவர் சுவரில் தலை சாய்ந்து, வாய் பிளந்து கிடந்தார். காஸ் புகை தாக்கிச் சில பேர் அப்படியே செத்துப்போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். "அண்ணே! அண்ணே!" என்று உலுக்கினேன். அசையவில்லை. மூக்குக்கு நேரே விரலை வைத்தேன். மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு மெல்லக் குறட்டை கேட்டது.

மானேஜர் வந்தார். வெறும் பலகையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தவர், பெஞ்சைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவரும் தோளைப் பிடித்து உலுக்கினார். டிரைவர் கண் விழிக்காமலே, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் மடிமேல் தூக்கி, வலப்பக்கம் ஒடித்தார்.

மானேஜர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"அடையாறு வண்டி இன்னிக்கு இல்லேன்னு வெளியிலே சொல்லிடு" என்றார். "அவனை எழுப்பாதே."

வெளியே ஜனங்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். தூங்கி எழுந்ததும் அவர் கேட்கப்போவது தன் வண்டியைத்தான். அடையாறு வண்டி இன்றைக்கு இல்லை என்று மறுபடியும் சொல்லிக்கொண்டு அவர்களுக்கு நடுவில் நின்றேன்.